எட்டுப் புள்ளியில் ஒரு முகம்

கேள்வி: நான் சிறுகதை எழுதுகிறேன். இப்போது எழுதும் கதையில், ஹட்டன் பக்கத்து மளிகைக் கடையொன்றில், தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் இரவு லாச்சியிலிருந்த பணம் திருட்டுப்போகிறது. ஒருவன் பனிமூட்டத்துக்குள்ளிருந்து நடந்து வருவதும், உள்ளே நுழைந்து லாச்சியைத் திறப்பதும் கெமராவில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் உருவம் பொரிபொரியாக இருக்கிறது. வெள்ளை ஸ்வெட்டர் மட்டும் தெரிகிறது. கடைப் பையனிடமும் வெள்ளை ஸ்வெட்டர் உண்டு. இரண்டு கிழமை கழித்து முதலாளி, கெமரா பூட்டிய தம்பியைக் கூப்பிட்டு, தன் கைத்தொலைபேசியில் இருக்கும் வீடியோவைக் கொடுத்து, "படத்தில் செய்வார்களே, அதுபோல முகத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கித் தா" என்கிறார். அவனும் இரவு முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து முகத்தைக் கொண்டுவந்துவிடுகிறான். அது கடைப் பையனின் முகம். வாசித்த நண்பர் "இது நடக்காத காரியம்" என்கிறார். உண்மையாகவே நடக்காதா? அப்படியென்றால் அந்தத் தம்பி என்னதான் செய்வான்?
— ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: நண்பர் சொன்னது சரி. அந்தத் தம்பி ஓர் இரவல்ல, ஒரு மாதம் உட்கார்ந்தாலும் அந்த முகம் வராது. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நிறையப் பதில் இருக்கிறது. கெமரா பூட்டும் தொழிலில் இருக்கும் எங்களுக்கு உங்கள் முதலாளி நன்கு பழக்கமானவர். மலையகத்தில் எந்த டவுனுக்குப் போனாலும் அவரைச் சந்திக்கலாம். அவர் முட்டாள் அல்லர். காசு கொடுத்துக் கெமரா பூட்டியவர், பகலில் அதில் எல்லாம் பளிச்சென்று தெரிவதைப் பார்த்தவர். தேவைப்பட்ட அன்று மட்டும் அது கைவிட்டால் கோபம் வரத்தானே செய்யும்?

முகம் ஏன் வராது என்பதை உங்கள் கடையை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழக்கமாகச் சிறு கடைகளில் பூட்டுவது 2.8 மில்லிமீற்றர் லென்ஸ் உள்ள கெமரா. ஏறக்குறைய 100 பாகை அகலத்தைப் பார்க்கும். ஒரே கெமராவில் கடை முழுவதும் விழவேண்டும் என்று முதலாளிமார் கேட்பதால் நாங்களும் அதையே பூட்டுகிறோம். கெமராவுக்கும் லாச்சிக்கும் இடையில் 6 மீற்றர் தூரம் என்று வையுங்கள். அந்தத் தூரத்தில் கெமராவின் பார்வை சுமார் 14 மீற்றர் அகலத்துக்கு விரிந்திருக்கும். படத்தின் அகலம் 1920 புள்ளிகள். பங்கிட்டால் ஒரு மீற்றருக்கு 134 புள்ளிகள் கிடைக்கும். மனித முகத்தின் அகலம் சுமார் 16 சென்ரிமீற்றர். ஆக முகத்துக்கு வருவது 21 புள்ளிகள். முன்பின் அறியாத ஒருவரை அடையாளம் காண, மீற்றருக்கு 250 புள்ளிகளாவது வேண்டும் என்கிறது ஐ.ஈ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரநியமத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. அந்தக் கணக்கில் முகத்துக்கு 40 புள்ளிகள் வேண்டும். ஏற்கெனவே தெரிந்த ஒருவரை 'அவர்தான்' என்று மட்டுக்கட்டுவதற்கே மீற்றருக்கு 125 புள்ளிகள் என்கிறது. உங்கள் கெமரா அந்தக் கோட்டைத் தாண்டித்தான் நிற்கிறது, ஆனால் அது காகிதத்தில்.

இரவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கடையில் விளக்கு இல்லை. போதிய ஒளிக்காகக் கெமரா ஒவ்வொரு படத்துக்கும் நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. சாதாரணமாக நடக்கும் ஒருவன் அதற்குள் ஐந்தாறு சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவான். முகத்தின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு அது. மூக்கு கன்னத்தின் மேல் இழுபட்டுவிடும். கிடைத்த சொற்ப ஒளியைக் கருவி பெருக்குவதால் பொரி விழுகிறது. நீங்கள் பொரிபொரியாக என்று எழுதியிருப்பது அதைத்தான்.

அதன் பிறகு பதிவுப் பெட்டி, அதாவது டி.வி.ஆர்., இடத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் சுருக்குகிறது. நொடிக்கு 2 மெகாபிட் என்று அமைத்து, நொடிக்கு 15 படம் எடுத்தால், ஒரு படத்துக்குச் சராசரியாக 17 கிலோபைட் கூடக் கிடைப்பதில்லை. பொரியும் அசைவும் நிறைந்த இரவுக் காட்சியில் அந்த இடம் போதாது. ஆகவே பெட்டி சிறு சிறு சதுரங்களாகப் படத்தைப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் நுணுக்கமானவற்றை எறிந்துவிடுகிறது. எறிந்ததை எங்கும் எடுத்துவைப்பதில்லை. முதலாளி கேட்பது, பொட்டலத்திலிருக்கும் தேயிலைத் தூளைக் காட்டி, இது எந்தச் செடியில் பறித்த கொழுந்து என்று கேட்பதைப் போன்றது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் கதையில் அவர் கொடுப்பது கைத்தொலைபேசியில் இருக்கும் வீடியோ. தொலைபேசிச் செயலி பெரும்பாலும் பெட்டியின் முதன்மைப் பதிவைக் காட்டுவதில்லை. டேட்டா செலவைக் குறைக்க, 704 புள்ளி அகலமுள்ள துணைப் பதிவைத்தான் இழுத்துக் காட்டும். அந்த அளவில் அதே முகத்துக்கு மிஞ்சுவது 8 புள்ளிகள். இரண்டு கண்களின் நடுவுக்கும் இடையே 3 புள்ளிகள். கண், இமை, புருவம் மூன்றும் ஒன்றிரண்டு சாம்பல் சதுரங்களுக்குள் அடங்கிவிடும். அதை வட்ஸ்அப்பில் அனுப்பினால் மறுபடி ஒருமுறை சுருங்கும். எனவே தொழில் தெரிந்த எந்தத் தம்பியும் அந்த வீடியோவைக் கையில் வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "முதலாளி, பெட்டி எங்கே இருக்கிறது?" என்பதாகத்தான் இருக்கும்.

இங்கிருந்து உங்கள் கதைக்கு ஆள் கிடைக்கிறான் என்பது என் எண்ணம். இரவு முழுக்கக் கணினி முன் உட்கார்வதற்குப் பதிலாக, அவனைக் கடைக்கு வரச் செய்யுங்கள்.

முதலில் அவன் பெட்டி காட்டும் நேரத்தையும் தன் தொலைபேசியின் நேரத்தையும் ஒரே படத்தில் விழும்படி எடுத்துக்கொள்வான். மின்வெட்டு அடிக்கடி வரும் இடங்களில், உள்ளே உள்ள சிறு மின்கலம் செத்துப்போன பெட்டிகள் மணிக்கணக்கில் பிந்தியோ முந்தியோ ஓடும். பெட்டி 40 நிமிடம் பிந்தியிருந்தால், 11.20க்குத் திருடியதாகத் தெரிபவன் உண்மையில் நள்ளிரவில் வந்தவன். கடைப் பையன் அந்த நேரத்தில் எங்கே இருந்தான் என்ற கேள்வியே இதனால் மாறிப்போகலாம். முகத்தைவிட இது உங்கள் கதைக்கு உதவும்.

அடுத்து, முதன்மைப் பதிவைப் பென் டிரைவில் இறக்குவான். பெட்டி தரும் அதே வடிவத்தில், வேறொன்றாக மாற்றாமல். திரையைத் தொலைபேசியால் படம்பிடிப்பது இங்கே பாவம். நம்மவர்கள் எல்லோரும் செய்யும் பாவம். கணினியில் அதைப் போட்டு ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்ப்பான். ஓடும் வீடியோவில் தெரியாத ஒன்று நிறுத்திப் பார்த்தால் தெரிவதுண்டு. தலைகீழாகவும் நடப்பதுண்டு.

அவன் தேடுவது திருடன் அசையாமல் நின்ற நேரத்தை. பூட்டிய லாச்சியை நெம்புபவன் இரண்டு நொடியாவது தலையைக் குனிந்து அப்படியே நிற்பான். இரண்டு நொடி என்றால் 30 படங்கள். அவற்றில் 16ஐ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் பொரி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பொரி படத்துக்குப் படம் இடம் மாறும், பொருள் மாறாது என்பதுதான் இதன் சூட்சுமம். படங்களில் காட்டும் 'தெளிவாக்கு' வித்தைக்கு மிக அருகில் வரும் உண்மையான வேலை இதுவே. நிறுத்தி வைத்திருக்கும் முச்சக்கரவண்டியின் இலக்கத் தகட்டை இப்படிப் படித்துவிட முடிந்ததுண்டு. ஆனால் எல்லை இருக்கிறது. அசையாத பகுதியைப் பெட்டி சில வேளை முந்தைய படத்திலிருந்து அப்படியே நகலெடுத்துவிடும். ஒரே நகலைப் பதினாறு தடவை அடுக்கினால் புதிதாக ஒன்றும் வராது. அடுத்தடுத்த படங்களில் பொரி கொஞ்சமும் நகராமல் உறைந்து நின்றால், நடந்திருப்பது அதுதான் என்று தம்பி கண்டுகொள்வான்.

சரி, அடுக்கி முடித்தாயிற்று. என்ன தெரியும்? குனிந்த தலை, தொப்பியின் விளிம்பு, தோளின் கோடு, ஸ்வெட்டரில் கையின் ஓரத்தில் ஒரு பட்டை இருந்தால் அந்தப் பட்டை. முகம் இல்லை. கெமரா கூரைக்குக் கீழே ஒரு மூலையில் இருக்கிறது, அவன் குனிந்திருக்கிறான். புள்ளிகள் எத்தனை இருந்தாலும் அது பார்ப்பது உச்சந்தலையை.

இனி, உங்கள் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். வெள்ளை ஸ்வெட்டர். விளக்கில்லாத கடையில் கெமரா பார்ப்பது தன்னுடைய அகச்சிவப்பு விளக்குகளின் ஒளியில். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைத் துணிகள் நம் கண் எதிர்பார்க்கும் விதத்தில் திருப்பி அனுப்புவதில்லை. செயற்கை நூலில் நெய்து கறுப்புச் சாயம் போட்ட எத்தனையோ உடைகள் இரவுக் கெமராவில் வெளிறிய சாம்பலாக, சில சமயம் வெள்ளையாகவே தெரியும். கறுப்பு, நீலம், மெரூன் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். வேறொரு கறுப்புத் துணி கறுப்பாகவே நிற்கும். சாயத்தையும் நூலையும் பொறுத்தது. ஆக, அந்த வீடியோவில் வெள்ளை ஸ்வெட்டர் இருக்கிறது என்பதற்கு, திருடியவன் வெள்ளை ஸ்வெட்டர் போட்டிருந்தான் என்று பொருள் கிடையாது.

இதை முதலாளிக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, அவசியமும் இல்லை. தம்பி கடையின் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, "முதலாளி, நீங்கள் போய் லாச்சிக்குப் பக்கத்தில் நில்லுங்கள்" என்று சொல்லட்டும். குளிருக்கு அவர் போட்டிருப்பது கறுப்பு ஸ்வெட்டர். திரையில் அது வெள்ளையாகத் தெரியட்டும். தன்னையே அந்தத் திரையில் பார்க்கும் மனிதர் என்ன செய்வார் என்பது உங்கள் பேனாவின் பாடு. தொழில்நுட்பத்தில் அந்தக் காட்சி பிழையில்லாமல் நிற்கும் என்பதற்கு நான் பொறுப்பு.

ஏன் இதை இவ்வளவு சொல்கிறேன் என்றால், உங்கள் முதலாளி முகத்தைத் தேடவில்லை. கடைப் பையனைத் தேடுகிறார். எட்டுப் புள்ளிக்குள் பையனின் முகத்தை எதிர்பார்த்துப் பார்ப்பவருக்கு அந்த முகம் தெரியத்தான் செய்யும். அதே படத்தைப் பையனின் பெயரைச் சொல்லாமல் பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டினால், அவர் வேறொரு பெயரைச் சொல்வார். அனுபவமுள்ள தம்பி அந்த வேலையைத் தொடங்கும்போதே யாரைச் சந்தேகிக்கிறீர்கள் என்று கேட்க மாட்டான். முதலாளி சொல்ல வந்தாலும் தடுப்பான். கேட்டுவிட்டால் தன் கண்ணும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

உயரம் இன்னொரு வழி. கெமராவை யாரும் அசைக்காதவரை, திருடன் நிமிர்ந்து நின்ற ஒரு படத்தைப் பிடித்து, அவன் கால் பதித்த அதே இடத்தில், 5 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்ட நேரான தடியை நிறுத்தி, அதே கெமராவில் பதிவுசெய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம். தொப்பி, சப்பாத்து, நிற்கும் விதம் எல்லாம் சேர்ந்து சில சென்ரிமீற்றர் முன்பின் ஆகும். அதனால் 'இவன்தான்' என்று சொல்ல இது போதாது. 'இவன் இல்லை' என்று சொல்லப் போதும். தடியில் 172 என்று வந்து, கடைப் பையன் 155 என்றால், அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

முகம் வராது என்று சொன்னேன். ஒரு முகம் வரும், அதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். மங்கலான படத்தைத் தெளிவாக்கும் செயலிகள் இப்போது எல்லோர் கையிலும் இருக்கின்றன. அவை இழந்த விவரத்தை மீட்பதில்லை. ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகி, இந்தப் புள்ளிகளுக்குப் பொருந்தக்கூடிய முகம் ஒன்றை வரைந்து தருகின்றன. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த வகைக் கருவி ஒன்றுக்குப் பராக் ஒபாமாவின் படத்தைப் புள்ளிகளாகச் சிதைத்துக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் தெளிவாக வரைந்து கொடுத்தது. முதலாளியின் மருமகன் தொலைபேசியில் இப்படி ஒன்றைச் செய்துகொண்டு வந்தால், இமை மயிர்கூட எண்ணக்கூடிய முகம் கிடைக்கும். உலகத்தில் இல்லாத ஒருவனுடைய முகம். அதில் கொஞ்சம் கடைப் பையனின் சாயல் இருந்துவிட்டால்? உங்கள் கதையின் கடைசிப் பகுதியை எழுத இந்த வழியும் இருக்கிறது. ஆனால் தயவுசெய்து அதைச் செய்பவனாகக் கெமரா பூட்டிய தம்பியைக் காட்டாதீர்கள்.

சில சில்லறைத் திருத்தங்கள். இரண்டு கிழமை கழித்துக் கூப்பிடுவது ஆபத்து. நான்கு கெமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் நாளொன்றுக்கு 86 கிகாபைட் நிறையும். 1 டெராபைட் வன்தட்டு பன்னிரண்டாம் நாளில் நிரம்பி, பழையதன் மேல் எழுதத் தொடங்கிவிடும். உங்கள் முதலாளி வரும்போது திருட்டு நடந்த இரவே பெட்டியில் இருக்காது. தொலைபேசியில் உள்ள எட்டுப் புள்ளிதான் மிச்சம். கதை இன்னும் கசப்பாக வேண்டுமென்றால் அப்படியே விடுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலையிலேயே கூப்பிடச் சொல்லுங்கள்.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் நடந்து வருவது வாசிக்க அழகாக இருக்கிறது, கெமராவில் அப்படித் தெரியாது. அகச்சிவப்பு விளக்கு லென்ஸைச் சுற்றியே இருப்பதால், மூட்டத்தின் நீர்த்துளிகள் ஒளியை நேராகத் திருப்பி அடிக்கும். வாசல் கெமராவில் தெரிவது ஒரு வெள்ளைத் திரை. லென்ஸுக்கு முன்னால் சிலந்தி ஒரு நூல் கட்டியிருந்தால் அது கயிறு மாதிரி மின்னும். மூட்டமான இரவில் அவன் வாசலுக்கு ஓரிரு மீற்றர் வரும் வரை அந்தக் கெமராவுக்கு அவன் இல்லை. ஒரு தெருவிளக்கோ, பக்கத்துக் கடை முகப்பு விளக்கோ அவன் பின்னால் எரிந்தால் நிழலுருவாகத் தெரியலாம்.

பொலிஸில் முறைப்பாடு செய்யும் காட்சி வைக்கிறீர்கள் என்றால், அவர்கள் கையில் கொடுக்க வேண்டியது பெட்டியிலிருந்து எடுத்த மூலப் பதிவு. நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சட்டம் இப்படியான பதிவுகளை நீதிமன்றம் ஏற்க இடம் கொடுக்கிறது. பதிவில் கை வைக்கப்படவில்லை என்பது அதற்கு முக்கியம். அடுக்கிச் சராசரி எடுத்த படத்தை அதற்குத் துணையாகக் காட்டலாம், எப்படிச் செய்தோம் என்ற விவரத்தோடு. மூலத்துக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடாது.

கடைசியாக, அந்தத் தம்பி கடையை விட்டுப் போகுமுன் ஒரு வேலை செய்வான். ஏணியைக் கேட்டு வாங்கி, லாச்சிக்கென்று தனியாக ஒரு கெமராவைப் பூட்டுவான். அதே 2.8 லென்ஸ் போதும், ஆனால் 2 மீற்றர் தூரத்தில், கூரையோடு ஒட்டாமல் தலைக்குச் சற்று மேல் உயரத்தில். அங்கே முகத்துக்கு 60க்கு மேல் புள்ளிகள் கிடைக்கும். பக்கத்தில் இரவெல்லாம் எரியும் ஒரு சிறு விளக்கையும் போடச் சொல்லுவான், நிறம் தெரிவதற்காக. முதலாளி அதற்குக் கரண்ட் பில்லைச் சொல்லி முனகுவார், அதையும் எழுதுங்கள். திருத்திய பிரதியை அனுப்பினால், பெட்டியும் கெமராவும் வரும் பக்கங்களை மட்டும் பார்த்துச் சொல்கிறேன்.